இரண்டாவது விளக்கு

ஓஸ்வால்டுக்குச் சகலை என்று ஒருவன் வாய்த்தான் பாருங்கள், அன்றிலிருந்து அவன் வயிற்றில் நெருப்புதான். மனைவி ஜூடித்தின் தங்கை சோஃபியாவைக் கட்டியவன் அந்த ஜாய்சன். வயதில் நான்கு வருடம் சின்னவன். படிப்பு வெறும் ஐ.டி.ஐ. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறான். ஓஸ்வால்ட் அதே பொம்மசந்திராவில், ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், டிப்ளமா படித்த டெஸ்ட் டெக்னீஷியன். நியாயமாகப் பார்த்தால் யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும்? ஆனால் நியாயம் என்றைக்கு ஓசூர் ரோட்டில் பஸ் பிடித்து வந்திருக்கிறது?

முதலில் சைட் வாங்கியவன் ஜாய்சன். முதலில் வீடு கட்டியவனும் அவன்தான். ஓஸ்வால்ட் இன்னும் விவேக் நகரில் வாடகை வீட்டில் தண்ணீருக்கு வரிசை நிற்கிறான். ஹீரோ ஹோண்டா முதலில் அவன் வாசலில் வந்து நின்றது. மாமியார் வீட்டில் ஆட்டுக்கறி பரிமாறும்போதுகூடக் கரண்டி முதலில் போவது சின்ன மாப்பிள்ளையின் இலைக்குத்தான். மூத்த மாப்பிள்ளைக்கு எலும்பு வரும். இதையெல்லாம் ஒருவன் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாதுதான். ஓஸ்வால்ட் வைத்திருந்தான்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் ஜாய்சன் அவன் கிட்டே வர முடியாது. அதுதான் பெட்டி.

விவேக் நகர் பக்கம் அடைக்கல மாதா கோயில் என்று ஒரு சின்னப் பங்கு. வருடா வருடம் ஆகஸ்டில் பைபிள் வினாடி வினா நடக்கும். பங்கில் மூன்று அன்பியங்கள், அதாவது தெருவாரியாகப் பிரித்த மூன்று ஜெபக் குழுக்கள். குழுவுக்கொரு போட்டியாளர். தொண்ணூற்றாறு வரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். யார் கை முதலில் என்று ஒவ்வொரு வருடமும் சண்டை வரும்; ஒரு வருடம் அந்தோனியார் அன்பியத்துக்காரர்கள் பாதியில் எழுந்து, செய்த சமோசாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பங்குத் தந்தை ஆம்ப்ரோஸ் தலையில் கை வைத்தபோது, ‘நான் ஒரு பெட்டி செஞ்சு தரேன் ஃபாதர்’ என்று எழுந்தவன் ஓஸ்வால்ட்.

எஸ்.பி. ரோட்டில் பாகங்கள் வாங்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தான். உள்ளே மூன்று லாட்ச். லாட்ச் என்றால் தாழ்ப்பாள்தான். ஒரு முறை விழுந்தால் நீங்கள் கையை எடுத்தாலும் விழுந்தது விழுந்ததுதான், யாராவது வந்து திறக்கும்வரை. நேண்ட் கேட் என்ற மின்வாசல்கள் இரண்டை எடுத்து, இதன் வெளிக்காலை அதன் உள்ளேயும் அதன் வெளிக்காலை இதன் உள்ளேயும் மாட்டினால் ஒரு லாட்ச். ஆளுக்கொன்று. ஒவ்வொரு பட்டனும் நேராகத் தன் லாட்சுக்குப் போகாமல் வாசலில் இன்னொரு கேட்டைத் தாண்டிப் போகவேண்டும். மற்ற இரண்டு லாட்சும் விழாமல் இருந்தால்தான் அந்தக் கேட் வழி விடும். ஆக, முதலில் அமுக்கியவனின் லாட்ச் விழுந்த கணமே மற்ற இரண்டு பேரின் வாசலும் சாத்திக்கொள்ளும். அதன்பிறகு தலைகீழாக நின்று அமுக்கினாலும் அவர்கள் மேஜை விளக்கு எரியாது. ஒரு நேரத்தில் ஒரு விளக்குதான். ‘சாமியே வந்து அமுக்கினாலும் ரெண்டு விளக்கு எரியாது’ என்று அவன் சொல்வதுண்டு. ஃபாதர் முன்னால் மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொல்வான்.

மூன்று லாட்சையும் ஒரே நேரத்தில் திறக்க ஒரு ரீசெட் பட்டன். அது நீள ஒயரில் ஃபாதர் கையில் இருக்கும். ஃபாதருக்கு ஒரு பழக்கம். கேள்வி பாதியிலேயே அமுக்கி உளறுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் கேள்வி படிக்க ஆரம்பிக்கும்போதே ரீசெட்டை அமுக்கிப் பிடித்துக்கொள்வார். அதுவரை யார் அமுக்கினாலும் எந்த விளக்கும் எரியாது. கேள்வி முடிந்ததும் கட்டை விரலை எடுப்பார். அந்த நொடியிலிருந்துதான் போட்டி.

முதல் வருடம் பெட்டி பிரமாதமாக வேலை செய்தது. ‘சக்கத்தா பண்ணிருக்கான்யா’ என்று பங்கு முழுக்கப் பேச்சு. மாமியாரே அந்த வாரம் நல்ல கறியாகப் பார்த்துப் போட்டார். ஓஸ்வால்ட் மேடை ஓரத்தில் பெட்டியோடு உட்காரும் நாற்காலி, அவன் வாழ்க்கையில் கிடைத்த ஒரே சிம்மாசனம்.

இரண்டாவது வருடம், தொண்ணூற்றெட்டில், ஜாய்சன் போட்டிக்கு வந்தான்.

பக்கத்துத் தெரு சவேரியார் அன்பியத்தின் சார்பில் அவன். ஓஸ்வால்டின் அந்தோனியார் அன்பியத்துக்கு ஜூடித். தெரசம்மாள் அன்பியத்துக்கு டோரதி டீச்சர். புதன்கிழமை சாயந்திரம் முதல் சுற்று. பன்னிரண்டு கேள்வி. ஒன்பதில் ஒன்றாம் மேஜை விளக்கு எரிந்தது. ஜாய்சன் மேஜை. ஜூடித்துக்குப் பைபிள் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஃபாதர் விரலை எடுத்து, அவள் அமுக்கலாம் என்று நினைப்பதற்குள் ஒன்றாம் விளக்கு எரிந்துவிடும். அவள் பட்டன் செத்த பட்டனாகக் கிடக்கும். சுற்று முடிந்து இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை என்று ஃபாதர் அறிவித்தார். புதன்கிழமைப் புள்ளிகள் பயிற்சிக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை பத்துக் கேள்வி, அதில் ஜெயித்தவருக்குக் கோப்பை.

“அண்ணா, பெட்டி சூப்பர்ணா. தொட்டாப் போதும், பிடிச்சுக்குது” என்று ஜாய்சன் வந்து தோளில் கை போட்டான்.

“ம்” என்றான் ஓஸ்வால்ட்.

தன் பெட்டி. தன் கையால் பற்றவைத்த லாட்ச். அதுவும் இவனுக்கே விழுகிறது. சொந்த நாயே அடுத்த வீட்டுக்காரனைப் பார்த்து வாலாட்டினால் எப்படியிருக்கும்? அன்றிரவு ஓஸ்வால்ட் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒன்பது முறை ஒருவனே முதலாவது என்றால் பெட்டி ஒரு பக்கம் சாய்கிறதோ? மறுநாள் பெட்டியைப் பையில் போட்டுக் கம்பெனி பஸ்ஸில் கொண்டுபோனான். மதிய இடைவேளையில் எல்லோரும் கேன்டீனுக்குப் போனபின் மின் துடிப்பைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் மாட்டிப் பார்த்தான். மூன்று பட்டனும் ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகவில்லை. அமுக்கி, லாட்ச் விழுந்து, அடுத்தவன் வாசல் சாத்துவதற்குள் ஒரு நொடியைக் கோடியாகப் பிரித்தால் அதில் நாலைந்து பங்குதான் ஆகிறது. எந்த மனிதனுக்கும் அந்த இடுக்கில் நுழைகிற விரல் கிடையாது. பெட்டி சுத்தம்.

அப்போதுதான் அது நடந்தது. இரண்டு கையிலும் ஸ்கோப்பின் முனைகளைப் பிடித்திருந்தான். பட்டனை அமுக்க மூன்றாவது கை இல்லை. அதனால் ஒன்றாம் பட்டனை அமுக்கி, எழாதபடி இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினான். ரீசெட்டை முழங்கையால் அமுக்கினான். விளக்கு அணைந்தது. முழங்கையை எடுத்தான். எடுத்த அதே நொடியில் ஒன்றாம் விளக்கு எரிந்தது.

ஓஸ்வால்ட் ஸ்கோப் முனைகளைக் கீழே வைத்தான். மறுபடி செய்து பார்த்தான். மறுபடியும் எரிந்தது.

புரிந்துவிட்டது. பட்டன் *எப்போது* அமுங்கியது என்று அவன் சர்க்யூட் கேட்பதே இல்லை. அமுங்கி *இருக்கிறதா* என்றுதான் கேட்கிறது. ஃபாதர் கேள்வி படிக்கும்போதே ஒருவன் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டால், ரீசெட் அமுங்கியிருக்கும்வரை விளக்கு எரியாது என்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஃபாதர் விரலை எடுத்த மறுகணம் லாட்ச் அவனுக்கு விழும். கையை வைத்துக் காத்திருந்து அமுக்குகிறவன் எவனும் அவனை முந்த முடியாது. பெட்டியில் ஓட்டை இருக்கிறது. யானை நுழைகிற ஓட்டை.

வேறொருவனாக இருந்தால் தன் தப்பை எண்ணி வெட்கப்பட்டிருப்பான். ஓஸ்வால்டுக்கு வெட்கம் வரவில்லை. மனசுக்குள் திருவிழா. ஆக, அந்த யோக்கியன் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஃபிராடு. சைட்டும் வீடும் ஹீரோ ஹோண்டாவும்கூட இப்படித்தான் வந்திருக்கும். அவன் பிடித்ததை யாராவது பார்த்தார்களா? இல்லை. அதற்கு ஏதாவது ருசு உண்டா? அதுவும் இல்லை. பொறாமைக்காரனுக்கு ருசு எதற்கு?

இரவு சாப்பிடும்போது ஜூடித்திடம் எல்லாவற்றையும் சொன்னான். தட்டில் கோடு போட்டு விளக்கினான். அவளும் அசடல்ல, போன வருடம் பெட்டிக்கு ஒயர் உரித்துக் கொடுத்தவளே அவள்தான்.

“அப்ப, ஃபாதர் படிக்கறப்பவே அமுக்கி வச்சுக்கிட்டா போதுமா?” என்றாள்.

“போதும். அதைத்தான் உன் தங்கச்சி புருஷன் பண்ணிக்கிட்டு இருக்கான்.”

“சரி பண்ணிடுவீங்களா?”

“சரி பண்றது பெரிய வேலை இல்ல. பட்டனுக்கு ஒரு கண்டென்சர் போட்டா முடிஞ்சுது. அமுக்கற அந்த ஒரு துடிப்பு மட்டும் உள்ள போகும், அப்புறம் எவ்வளவு நேரம் பிடிச்சாலும் ஒண்ணும் போகாது.” ஓஸ்வால்ட் சோற்றைப் பிசைந்தான். “ஆனா பண்ண மாட்டேன். ஞாயித்துக்கிழமை அவனைக் கையும் களவுமா பிடிக்கிறேன். மொத்தப் பங்கு முன்னாடி.”

ஜூடித் குழம்பு ஊற்றினாள். 

சனிக்கிழமை உட்கார்ந்து பெட்டியின் பின்பக்கம் மூன்று குட்டிப் பச்சை விளக்குகளை வைத்தான். இவை லாட்சுக்குப் பின்னால் அல்ல, முன்னால். பட்டன் ஒயரிலேயே நேராக மாட்டினவை. எவன் விரல் அமுங்கியிருக்கிறதோ அவன் பச்சை எரியும், ரீசெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஃபாதர் கேள்வி படிக்கும்போது ஒன்றாம் பச்சை எரிய வேண்டும். உடனே எழுந்து, ‘ஃபாதர், விரலை எடுக்காதீங்க, இங்க வந்து பாருங்க’ என்று கூப்பிட வேண்டும். அந்த வசனத்தைக் கண்ணாடி முன்னால் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிப் பூசை முடிந்து பங்கு மண்டபம் நிறைந்துவிட்டது. மாமியார் முன்வரிசையில், பக்கத்தில் சோஃபியா. மேடையில் மூன்று மேஜை: ஒன்றில் ஜாய்சன், நடுவில் ஜூடித், கடைசியில் டோரதி டீச்சர். ஜாய்சன் பெட்டியைப் பார்த்துச் சிரித்தான். ஓஸ்வால்டும் சிரித்தான். ஆடு வெட்டப் போகிறவனின் சிரிப்பு அது.

ஃபாதர் ரீசெட்டை அமுக்கிப் படிக்க ஆரம்பித்தார். “தானியேலை எந்தக் குகையில்...”

ஓஸ்வால்ட் பெட்டியின் பின்னால் குனிந்தான். ஒன்றாம் பச்சை இருட்டாக இருந்தது. மூன்றாவது இருட்டு. இரண்டாவது எரிந்துகொண்டிருந்தது.

அவன் ஒயரை மாற்றி மாட்டிவிட்டோமோ என்று பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. நிமிர்ந்து நடு மேஜையைப் பார்த்தான். ஜூடித் முகத்தில் சலனமில்லை. இறுதிப் பிரார்த்தனையில் நிற்பவள் போல நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜை மேல் வலது கை. கட்டை விரல் பட்டன் மேல்.

ஃபாதர் விரலை எடுத்தார். இரண்டாம் மேஜை விளக்கு எரிந்தது. “சிங்கக் குகை” என்றாள் ஜூடித். அந்தோனியார் அன்பியம் கைதட்டியது.

ஜாய்சனின் பச்சையும் எரிந்ததைப் பிறகுதான் ஓஸ்வால்ட் கவனித்தான். ஃபாதர் விரலை எடுத்த பிறகு, கண் இமைக்கும் நேரத்தில். அவன் பிடித்துவைத்திருக்கவில்லை. அவன் ஃபாதரின் வாயைப் பார்க்கவில்லை, கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாள் முழுக்கப் பிரஸ் மெஷினில் இரண்டு கையாலும் பட்டன் அமுக்கித் தகடு அடிக்கிறவன். விரல் அசைந்தால் விரல் அசைகிறது. அவ்வளவுதான் அவனுடைய ஃபிராடு.

இங்கே ஓஸ்வால்ட் என்ன நினைத்திருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் முதலில் என்ன நினைத்தான் என்பதைச் சொல்கிறேன். ஜாய்சன் தோற்பதைப் பார்க்க இனித்தது. இரண்டாவது கேள்வி, மூன்றாவது கேள்வி, ஒவ்வொன்றிலும் அந்தச் சுறுசுறுப்பான விரல் வந்து செத்த பட்டனை அமுக்கியது. அவன் நெற்றியில் சுருக்கம் விழுந்தது. பத்து வருடம் இவன் பட்டது இப்போது அவனுக்கு. ஓஸ்வால்டின் காது வரை இனித்தது.

வெட்கம் நான்காவது கேள்விக்குத்தான் வந்தது. ஏனென்றால் நான்காவது கேள்விக்கு ஜூடித் ஒரு தரம் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அவன் பார்வையில் அவள் என்ன கண்டாளோ, திரும்பிக்கொண்டாள். விரலை எடுக்கவில்லை. ஓஸ்வால்ட் நினைத்திருந்தால் இரண்டாம் ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். பிளக்கைத் தட்டிவிட்டுக் கரண்ட் போச்சு என்று சொல்லியிருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஏழு கேள்வி முடிந்தபோது ஜூடித் ஆறு, ஜாய்சன் அவள் தப்பாகச் சொன்ன ஒன்று, டோரதி டீச்சர் பூஜ்யம். எட்டாவது கேள்வியை ஃபாதர் படிக்க ஆரம்பித்தார். ஓஸ்வால்ட் குனிந்தான். இரண்டாம் பச்சை எரிந்தது. பிறகு, கேள்வி நடுவில், ஒன்றாம் பச்சையும் எரிந்தது. அணையவில்லை.

மாட்டினான், என்று நெஞ்சு துள்ளியது. துள்ளி முடிவதற்குள் ஃபாதர் விரலை எடுத்துவிட்டார்.

இரண்டு விளக்கும் எரிந்தன.

மண்டபம் ஒரு கணம் அமைதியாக இருந்தது. பிறகு பின்வரிசையில் சிரிப்பு. “ஓஸ்வால்ட் பெட்டி மண்டையைப் போட்டுருச்சுடோய்” என்றது ஒரு குரல். மாமியார் திரும்பிச் சோஃபியாவிடம் ஏதோ கேட்டார். எல்லாக் கண்ணும் மேடை ஓரத்துக்கு வந்தது.

ஓஸ்வால்டுக்கு மட்டும் தெரியும், பெட்டி மண்டையைப் போடவில்லை. இரண்டு பேரும் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். ஃபாதர் கை எடுத்ததும் இரண்டு தாழ்ப்பாளும் ஒரே கணத்தில் விழுந்தன. இது அதன் வாசலைச் சாத்துவதற்குள் அது விழுந்துவிட்டது, அது இதைச் சாத்துவதற்குள் இது. நாணயமாக விளையாடும் இரண்டு பேருக்கு அப்படி விழுவது நூறு வருடத்தில் நடக்காது. எரியக்கூடாத அந்த இரண்டாவது விளக்கு, இங்கே இரண்டு கள்ளர்கள் இருக்கிறார்கள் என்று மண்டபத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பாஷை தெரிந்தவன் ஒருவனே.

“என்னப்பா ஓஸ்வால்ட்? யார் முதல்ல?” என்றார் ஃபாதர்.

பெட்டி கெட்டது என்றால் அவன் பெயர் போகும். கெடவில்லை என்றால் பெண்டாட்டி பெயர் போகும். ஓஸ்வால்ட் எழுந்தான். வாயைத் திறந்தான்.

“ஃபாதர், பெட்டி மேல தப்பு இல்ல” என்றது ஒரு குரல். அவன் குரல் அல்ல. ஜாய்சன் எழுந்து நின்றிருந்தான். “நான்தான் நீங்க படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடியே அமுக்கிப் பிடிச்சுட்டேன். தோத்துக்கிட்டே இருந்தேன்ல, புத்தி போயிடுச்சு. அதான் பெட்டி குழம்பிடுச்சு. மன்னிச்சுடுங்க.”

மண்டபம் முணுமுணுத்தது, பிறகு கைதட்டியது. இப்படி ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும்? ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெயித்தவர்களுக்குக்கூட அந்தக் கைதட்டல் வந்ததில்லை.

“அப்ப பெட்டி சரியாத்தானே இருக்கு, ஓஸ்வால்ட்? வேற ஒண்ணும் இல்லையே?”

“இல்ல, ஃபாதர்” என்றான் ஓஸ்வால்ட்.

புள்ளி ஜூடித்துக்குப் போனது. மீதி இரண்டு கேள்விக்கும் ஜாய்சன் பட்டனையே தொடவில்லை. கோப்பை ஜூடித் கைக்கு வந்தபோது முதலில் கைதட்டியவனும் அவன்தான்.

வீட்டில் கோப்பையை டி.வி. மேல் வைத்தாள் ஜூடித். திங்கட்கிழமை வேலையிலிருந்து திரும்பிய ஓஸ்வால்ட் பெட்டியைத் திறந்து, கண்டென்சர்களைப் பற்றவைக்க உட்கார்ந்தான். சாலிடர் புகை கண்ணில் அடித்தது.

“எதுக்குப் பண்ண?” என்றான் தலை நிமிராமல்.

ஜூடித் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “கல்யாணம் ஆனதிலேருந்து இந்த வீட்ல தினமும் சோத்துக்குத் தொட்டுக்க ஜாய்சன்தான். அவன் சைட் வாங்கினான், அவன் வண்டி வாங்கினான். ஒரு தடவையாவது அவன் தோத்தா நீங்க வாயை மூடுவீங்கன்னு பாத்தேன்.” கத்தியைக் கீழே வைத்தாள். “அதோட, அவன் பிடிச்சு வச்சுக்கறான்னு நீங்கதானே சொன்னீங்க. அவன் பண்ணலாம், நான் பண்ணக் கூடாதா?”

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹீரோ ஹோண்டா வந்து நின்றது.

ஜாய்சன் ஒயர் கூடையோடு உள்ளே வந்தான். “சோஃபியா பாயசம் குடுத்துவிட்டா. அக்கா ஜெயிச்சதுக்கு.” எவர்சில்வர் தூக்கை எடுத்து ஜூடித்திடம் கொடுத்துவிட்டுத் தரையில் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் சாலிடர் உருகுவதைப் பார்த்தான்.

“அண்ணா, ஒண்ணு கேக்கவா? நான் ஒருத்தன் மட்டும் பிடிச்சிருந்தா ஒரு லைட்டுதானே எரியும்?”

சாலிடர் துளி ஒன்று தவறித் தரையில் விழுந்தது. “ஆமா” என்றான் ஓஸ்வால்ட். இனி எதை மறைத்து என்ன. “ரெண்டு பேர் பிடிச்சிருந்தாத்தான் ரெண்டும் எரியும்.”

“அதான் நானும் நினைச்சேன்.” ஜாய்சன் குரலைத் தாழ்த்தினான். “அக்கா கட்டை விரல் நகம் வெளுத்திருந்துச்சுண்ணா, ஃபாதர் படிக்கறப்பவே. பக்கத்துலயே இருக்கேன்ல, தெரியுமே. சரி, நம்மளும் பிடிச்சா என்ன ஆகும்னு கோவத்துல பிடிச்சேன். ரெண்டும் எரிஞ்சுது. பாத்தா, எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிக்கறாங்க. என்னால தாங்க முடியல. அந்தப் பெட்டி நீங்க பண்ணது. சோஃபியா வீட்டுக்கு வர்றவங்ககிட்டல்லாம் எங்க அக்கா வீட்டுக்காரர் பண்ணதுன்னு சொல்லுவா. எனக்கே பொறாமையா இருக்கும்.”

ஓஸ்வால்ட் அவனைப் பார்த்தான். அந்த முகத்தில் ஒரு கள்ளம் கிடைக்காதா என்று தேடினான், கிடைத்திருந்தால் பிழைத்திருப்பான். கிடைக்கவில்லை. இவன் ஒரு மோசக்காரனாக இருந்திருந்தால் மன்னித்துவிட்டுப் பெரிய மனுஷனாகியிருக்கலாம். அதற்கும் வழி விடவில்லை பாவி. இப்போதுதான் அவனுக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.

“முடிஞ்சுதா?” என்று ஜாய்சன் பெட்டியைக் காட்டினான்.

பேச்சை மாற்ற ஓஸ்வால்டுக்கும் அது தேவையாக இருந்தது. ஒன்றாம் பட்டனை அவனிடம் கொடுத்து, இரண்டாவதைத் தான் எடுத்துக்கொண்டான். ரீசெட்டை ஜூடித்திடம் நீட்டினான். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். “பிடிச்சுக்க. ஜாய்சன், நீயும் பிடி.” இருவரும் அமுக்கிப் பிடித்தார்கள். ஜூடித் விரலை எடுத்தாள். எந்த விளக்கும் எரியவில்லை.

“இப்ப விட்டுட்டு அமுக்கலாமா?” என்றான் ஜாய்சன்.

அமுக்கினார்கள். ஒன்றாம் விளக்கு எரிந்தது. “இன்னொரு வாட்டி” என்றான் ஓஸ்வால்ட். ஒன்றாம் விளக்கு. மூன்றாவது முறையும் அதுவே. ஓட்டை அடைத்த பெட்டி, இனி யாரும் குறை சொல்ல முடியாத பெட்டி.

ஜாய்சன் கிளம்பும்போது ஜூடித் கூடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். கனமாக இருந்ததால் அவன் குனிந்து பார்த்தான். கழுவிய தூக்குக்குப் பக்கத்தில் கோப்பை இருந்தது.

“வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாதில்ல” என்றாள் ஜூடித், அவன் முகத்தைப் பார்க்காமல்.

ஜாய்சன் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். டி.வி. மேல் கோப்பை இருந்த இடத்தில் வட்டமாகத் தூசி இல்லாத ஒரு தடம் இருந்தது. ஓஸ்வால்ட் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தப்பை முதலில் ஒப்புக்கொண்டவன் ஜாய்சன். இரண்டாவது ஜூடித். எல்லாம் தெரிந்தே ஓட்டையைத் திறந்துவைத்து, தெரிந்தே வேடிக்கை பார்த்து, ‘இல்ல, ஃபாதர்’ என்று மேடையில் நின்று சொன்ன மூன்றாமவன் மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கிறான்.

எழுந்து சட்டையை மாட்டினான்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“ஃபாதரைப் பாத்துட்டு வரேன். பெட்டியில ஓட்டை இருந்துச்சு, தெரிஞ்சே விட்டேன்னு சொல்லிடறேன்.”

“யார் அதுல கையை விட்டதுன்னும் சொல்லிடுங்க” என்றாள் ஜூடித்.

கோயில் பத்து நிமிஷ நடை. ஏழு மணி ஆகியிருந்தது. கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். நடக்க நடக்க அவனுக்கு நெஞ்சு லேசாயிற்று. இந்த ஒரு காரியத்தையாவது யாரும் சொல்லாமல், யாரையும் பார்க்காமல், தானாகச் செய்யப் போகிறோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஃபாதர் வீட்டுத் தெருவில் திரும்பினான்.

ஃபாதர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே அந்த ஹீரோ ஹோண்டா நின்றிருந்தது. கைப்பிடியில் ஒயர் கூடை தொங்கியது. உள்ளே தூக்கு மட்டும் இருந்தது, கோப்பை இல்லை.

ஓஸ்வால்ட் தெருவிலேயே நின்றான். வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, நாசமாப் போறவன், என்று முணுமுணுத்துக்கொண்டே கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.